பின்கட்டுக் குழாயில் கரண்டு

எனக்குச் சர்க்கரை வந்த பிறகு உடம்பில் எது நடந்தாலும் பழியை அதன் தலையில் போட்டுவிடுவேன். தூக்கம் வரவில்லையா, சர்க்கரை. சட்டென்று கோபம் வந்ததா, அதுவும் சர்க்கரை. அதனால் பின்கட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை எறும்பு ஊர்வதுபோல ஏறியபோது நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கையெல்லாம் மதமதன்னு கீது. கால்லயும் கொஞ்சம் கீது." நரம்பு பாதித்திருக்கும் என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். என்ன ஆச்சரியம், செருப்போடு நின்று பாத்திரம் விளக்கினால் கையில் மதமதப்பே இல்லை. குளிப்பதற்காகக் கழற்றினால் மறுபடி வந்துவிடும். செருப்பு நரம்பைக் குணப்படுத்துகிறது என்றே நம்பினேன். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மாவிடம் அந்தச் செருப்பின் மகிமையை அவ்வளவு சொன்னேன், அவரும் ஒரு ஜோடி வாங்கிவிட்டார். அவருக்குச் சர்க்கரையே கிடையாது.

வெயில் காலத்தில் மதமதப்பு அநேகமாக நின்றுபோனது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆவணியில் சாயங்கால மழை இரண்டு மூன்று முறை அடித்ததும் திரும்பி வந்தது. அந்த மாதம் கல்யாண வீடுகளில் சாப்பிட்ட பாயசத்தைத் திட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு சாலவாக்கம் போகிற வழியில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஒரே வீடாகக் கட்டியது. பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த சுவரை எல்லையாக வைத்து இரண்டாக்கினார்கள். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். எங்கே யாருடையது முடிகிறது என்பதில் பிறகு சண்டை வரக் கூடாதென்று, மொட்டை மாடியிலும் அதே சுவருக்கு நேர் மேலே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துத் தடுத்தார்கள். சண்டை அந்தச் செங்கல் வைக்கும்போதே வந்துவிட்டது. அதோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அண்ணன், என் மூத்தார், தாம்பரத்தில் குடியிருக்கிறார். தன் பாகத்தை ஒரு சின்னக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா வீடு மாகறல். புருஷன் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறவர். கையில் ஒரு பெண் குழந்தை. பார்த்தால் சிரிப்போம், அதற்கு மேல் பழக்கமில்லை.

போன ஐப்பசியில் பெய்த மழையில் எங்கள் கூடத்து சுவிட்சு போர்டின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மின்சாரப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். மெயினை அணைத்துவிட்டு, மழை விடும்வரை மெழுகுவர்த்தியில் சமைத்தேன். அடுத்த மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். புரட்டாசி பிறந்ததும் என் வீட்டுக்காரரை நச்சரிக்க ஆரம்பித்தேன். "நாத்து உட்டுட்டு வரேன், மருந்து அடிச்சிட்டு வரேன்" என்று அவர் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் நானே வயர்மேனைக் கூப்பிட்டேன்.

லைசென்ஸ் வைத்திருக்கிற ஆள், பக்கத்துத் தெரு, என்னைவிட வயதில் சின்னவர். ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். முதலில் வெளியிலிருந்து ஆரம்பித்தார். கம்பத்திலிருந்து வரும் ஒயர் எங்கள் வீட்டுச் சுவரில் நிற்கும் இரும்புக் குழாய்க்குள் நுழைகிற இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வளைவு ஒடஞ்சி வாய் மேல பாத்துக்கினு கீதுக்கா. மயைத் தண்ணி நேரா ஒயரோட உள்ள எறங்கும். இதுல நாம கை வைக்கக் கூடாது, ஈபி ஆபீஸ்ல சொல்லணும்" என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதே குழாயில்தான் நாங்கள் துணி காயப்போடும் கம்பியின் ஒரு முனையைக் கட்டியிருந்தோம். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குழாய்க்குள் ஒயர் எங்காவது வெடித்திருந்தால் கம்பி முழுக்கக் கரண்டு வரும், ஈரத் துணியோடு தொட்டால் ஆள் தப்பிக்க முடியாது என்றார். கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்ட வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கூடத்து போர்டைத் திறந்தார். திருகாணிகளில் பச்சை பூத்திருந்தது. மாடியில் விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர், பேனுக்குப் போகும் பைப்புக்குள் புகுந்து அதன் வழியாகவே போர்டுக்கு வந்திருக்கிறது. அந்த போர்டைக் கழற்றிவிட்டுக் காய்ந்த சுவரில் புதிதாக வைத்தார். பிரிட்ஜ் பிளக்கில் பெரிய முள் ஒடிந்திருந்தது. அந்த முள்தான் எர்த். கிரைண்டர் ஒயரில் தரையை ஒட்டி டேப் சுற்றியிருந்ததை வெட்டியெடுத்து முழு ஒயராக மாற்றினார். எர்த் குழியைத் தேடினால் அது என் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் மூடிக் கிடந்தது. செடியை ஒன்றும் செய்யாமல் தோண்டி, கம்பியின் முனையைச் சுத்தம் செய்து இறுக்கினார். மெயின் பெட்டியில், கரண்டு கசிந்தால் தானாகவே விழுகிற டிரிப்பர் ஒன்று உண்டு. அதில் இருக்கிற சின்ன பட்டனை அமுக்கினார். டக்கென்று விழுந்து வீடு இருண்டது.

"நல்லா வேலை செய்யுது. மாசம் ஒரு தபா இத அமுக்கிப் பாத்துக்கோங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். சோப்பு எடுத்துக் கொடுத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தவர், ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நின்று குழாயைத் தொட்டார். உடனே கையை உதறினார்.

"இன்னாக்கா இது?"

"இன்னாது?"

"கொயாவுல கை வச்சா சுருக்குனு புடிக்குது."

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். "உனுக்கும் சுகர் கீதா தம்பி?"

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். எனக்கும் அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டால் சரியாகிவிடும், ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் மெல்ல இறங்கியது. அவர் என் செருப்பையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, மொதல்ல அந்த எடத்தவுட்டு இப்டி வாங்க" என்றார்.

டெஸ்டரை வைத்தார். உள்ளே மங்கலாகச் சிவந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்து மறுபடி வைத்தார். அப்போதும் சிவந்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்து ஒரு ஒயரைக் குழாயிலும் இன்னொன்றை எர்த் கம்பியிலும் மாட்டினார். மெயின் அணைந்த வீட்டில் மீட்டர் எண் காட்டிக்கொண்டிருந்தது.

"இது உங்க கரண்டு இல்லக்கா. அதான் உங்க டிரிப்பர் சொம்மா கீது. நானும் எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

அந்தக் குழாய், மாடித் தொட்டியிலிருந்து பொதுச் சுவரை ஒட்டி இறங்குகிற பழைய இரும்புக் குழாய். சுவரில் அது இறங்குகிற பகுதி முழுவதும் சுண்ணாம்பு பொரிந்து ஈரமாக இருந்தது. நாங்கள் இருவரும் அந்த ஈரத்தைப் பார்த்தோம். அதற்கு மறுபக்கம் மூத்தார் வீட்டுக் குளியலறை.

போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களுக்கும் புடிக்குது அத்தே. பாத்ரூம்ல பலகை போட்டு அது மேல நின்னுதான் குளிக்கிறேன். பாப்பாவ செவுரு பக்கமே உட மாட்டேன்."

"சொல்லக் கூடாதாம்மா?"

"ஓனரு ஒரு மாதிரி. எதுனா சொன்னா காலி பண்ணுன்னு சொல்லிடுவாரோன்னு பயமா கீது. இந்த வாடகைக்கு வேற வூடு கெடைக்காது."

வயர்மேன் அவர்களுடைய மெயின் பெட்டியைத் திறந்தார். அங்கேயும் டிரிப்பர் இருந்தது. ஆனால் அதில் சேர்க்காமல், அதன் தலைக்கு மேலேயே ஒயரை வளைத்து நேராகக் கொடுத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது, பேஜாராக இருக்கிறது என்று முன்பு குடியிருந்தவர்கள் யாரையோ வைத்து அப்படிச் செய்துவிட்டுப் போனார்களாம். அது ஏன் விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இனி எந்த லைனில் கசிகிறது என்று தெரிய வேண்டும். என்னைப் பின்கட்டில் நிற்கச் சொன்னார். குழாயைத் தொடக் கூடாது, செருப்பைக் கழற்றக் கூடாது, மாட்டியிருக்கிற மீட்டரை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அந்த வீட்டில் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். அந்தப் பெண் நடுவில் நின்று குரல் கொடுப்பாள்.

"கூடம் புடுங்கியாச்சி அத்தே, கீதா?"

"கீது."

"சமையல் ரூமு?"

"கீது."

"பாத்ரூமு?"

மீட்டரில் எண் சரிந்து விழுந்தது. "போச்சி" என்றேன். என் குரல் எனக்கே அழுகைபோலக் கேட்டது.

வயர்மேன் அந்தக் கட்டையை மாட்டவில்லை. லைனையே போர்டிலிருந்து கழற்றித் தனியாக விட்டார். "ஓனரு வரட்டும், வராம போவட்டும். இத இப்டியே உட்டுட்டு நான் போவ முடியாது. அதுவரைக்கும் பாத்ரூமுக்கு சார்ஜ் லைட்டு எடுத்துக்கினு போம்மா" என்றார். நேராகக் கொடுத்திருந்த ஒயரையும் பிரித்துவிட்டு டிரிப்பரைச் சேர்த்தார். அது விழாமல் நின்றது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் பின்கட்டுக்குப் போவார். அவருக்கு ஒரு நாளும் கரண்டு பிடித்ததில்லை.

"அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

"நான் பேச மாட்டேன்."

"நான் பேசவா?"

அவர் போனை என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊர்ப் பக்கம் தம்பி மனைவி மூத்தாரோடு நின்று பேசுவது வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் பேசியதெல்லாம் "வாங்க", "சாப்புடுங்க" அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு அழுத்தினேன்.

முதலில் அவர் பயந்துவிட்டார், தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. இல்லை என்று சொல்லிவிட்டு விஷயத்தை ஆரம்பித்தேன்.

"என் வூட்டு கரண்டு எப்டிமா உன் கொயாவுக்கு வரும்?"

"செவுரு ரெண்டு வூட்டுக்கும் ஒன்னுதான மாமா. அது ஊறிக்கினு கீது."

"சரி, பொங்கலுக்கு வரப்போ பாக்கலாம்."

"பொங்கலுக்குள்ள மயை முடிஞ்சிடும் மாமா. இப்ப செவுரு பாதி காஞ்சி கீது, அதனால சுருக்குனு புடிக்குது. ஐப்பசியில நல்லா ஊறிச்சின்னா சுருக்கோட உடாதுன்னு வயர்மேன் சொல்றாரு. நான் சுகருன்னு நெனச்சிக்கினு தெனமும் அதத் தொட்டுக்கினு இருந்தேன். உங்க வூட்ல இருக்கிற பொண்ணு கைக்கொயந்தைய வச்சிக்கினு பலகை மேல நின்னு குளிக்குது. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கினு கீது."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"இத ஏன் அவன் சொல்லல?" என்றார் கடைசியில்.

"அவரு உங்ககிட்ட பேச மாட்டாரு. அதான் நான் பேசறேன்."

"அடுத்த நாயித்துக்கெயம வரேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வந்தார். கூடவே ஒரு கொத்தனாரையும் கூட்டிவந்திருந்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. வயர்மேன் அன்று ஒயரில் கசிவு உண்டா என்று அளக்கும் மெக்கர் என்கிற கருவியைக் கொண்டுவந்தார். மெயினை அணைத்து, பிளக்குகளையெல்லாம் பிடுங்கி, பல்புகளைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு லைனாக வைத்து மூத்தாருக்குக் காட்டினார். மற்ற லைன்களில் எண் உயர்ந்து நின்றது, அப்படியென்றால் கசிவில்லை. குளியலறை லைனில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பொதுச் சுவரில் அந்த லைன் போகிற இடத்தைக் கொத்தியதும் பைப்புக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தது தெரிந்தது. பைப்பில் தண்ணீர் நின்றது. டேப் கையோடு உரிந்து வந்தது. மூத்தார் அதை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கட்டும்போது நான்தான் ஆள் வச்சி செஞ்சேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த லைனை அப்படியே கைவிட்டு, எதிர்ப்பக்கத்துக் காய்ந்த சுவரில் வெளியில் தெரிகிற மாதிரி பைப் அடித்து, ஒட்டில்லாத புது ஒயர் இழுத்தார்கள். சுவிட்சைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், குளியலறைக்கு வெளியே வைத்தார்கள்.

ஆனால் சுவர் ஊறுவது நிற்க வேண்டுமே. கொத்தனார் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எங்களை மேலே கூப்பிட்டார். நாங்கள் ஏறினோம். பாகம் பிரிக்க வைத்த செங்கல் வரிசை பூசாமல் அப்படியே நின்றது. அதன் இரண்டு பக்க அடியிலும் நீளமாக விரிசல். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பிரயோஜனமில்லை, இரண்டு பக்கமும் கொத்திப் பூசி, மேலேயும் மூடி, தண்ணீர் ஓடுகிற வாட்டத்தையும் திருப்ப வேண்டும் என்றார் கொத்தனார்.

என் வீட்டுக்காரர் அதுவரை வயலில் இருந்தார், இருந்தார் என்றால் அங்கே வேலை எதுவும் இல்லாமல் வரப்பில் நின்றார். நான் ஆள் அனுப்பவில்லை. அவராகவே வந்து மாடியேறி, தன் பக்கம் நின்று விரிசலைப் பார்த்தார். மூத்தார் தன் பக்கம் நின்று பார்த்தார். நடுவில் முழங்கால் உயரச் சுவர். கொத்தனார் கலவை போட ஆரம்பித்தபோது வாட்டம் எந்தப் பக்கம் கொடுப்பது என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் கிழக்கே கையைக் காட்டினார்கள்.

"கெயக்க உட்டா உன் மாட்டுக் கொட்டாய் மேல ஊத்தும்டா" என்றார் மூத்தார்.

"பைப்பு வச்சி எறக்கிக்கிறேன்" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்குப் பிறகு கரணையைக் கொடு, தண்ணீரை ஊற்று என்று வேலைப் பேச்சாகவே மத்தியானம் வரை போனது. மூத்தார் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். போகும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இனிமேல் எதுவானாலும் தனக்கு போன் செய்யும்படி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லன்னா இந்தம்மாகிட்ட சொல்லு" என்றார்.

மறுவாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். கை நன்றாக இருந்தது. பாதத்தில் ஒரு கருவியை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். விரல்களில் எனக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்குச் சர்க்கரையின் வேலை நிஜம்தான். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். எனக்கு வருத்தமாக இல்லை. எது சர்க்கரை, எது கரண்டு என்று பிரித்துத் தெரிந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஈபி ஆட்கள் வந்து வெளிக்குழாயின் வளைவை மாற்றிவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது, ஏரி நிரம்பும் அளவுக்கு. தினமும் காலையில் எழுந்ததும் பொதுச் சுவரைப் போய்ப் பார்ப்பேன். பழைய கறை அப்படியே இருந்தது, புதிதாக ஈரம் பரவவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், மழை நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தது. குடையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் டார்ச் வெளிச்சத்தில் மெயின் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். குழந்தை பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"டிரிப்பரு உயுந்துடுச்சி அத்தே."

"வயர்மேன கூப்புடவா?"

"இருங்க, நானே பாக்கறேன். எல்லா பிளக்கையும் புடுங்கிட்டேன்."

டிரிப்பரைத் தூக்கினாள், நின்றது. பேனை மாட்டினாள், நின்றது. டிவியை மாட்டினாள், நின்றது. சமையலறைக்குப் போய் மிக்சியை மாட்டியதும் டக்கென்று விழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஜன்னலோரம் வைத்திருந்ததில் சாரல் உள்ளே போயிருந்தது, அடியில் தண்ணீர் வழிந்தது.

"இதுதான். இனிமே ஜன்னல்கிட்ட வைக்கக் கூடாது" என்று அதைத் துணியால் துடைத்து அலமாரி மேல் தூக்கி வைத்தாள். "வயர்மேன்கிட்ட காட்டிட்டுதான் திரும்ப மாட்டணும்."

மறுபடி டிரிப்பரைத் தூக்கினாள். வெளிச்சம் வந்தது. சட்னிக்கு எடுத்து வைத்திருந்த தேங்காயை என்ன செய்வது என்று கேட்டேன். எங்கள் வீட்டு மிக்சியில் அரைத்துத் தருவதாகச் சொல்லிக் கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டு, மழையில் நனையாமல் முந்தானையால் மூடி எடுத்து வந்தேன்.